பேசுதலுக்கும் கேட்டலுக்கும் மதிப்பெண் இடுவது எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் என்னிடம் மதிப்பெண் பட்டியலைக் காட்டி, "ஏன் டீச்சர், பேசுறதுல இவனுக்கு நாலு மார்க்குதானா? வீட்டுல வாய் ஓயாமப் பேசுறானே!" என்று கேட்டார். பத்துக்கு நான்கு. நான்தான் போட்டிருந்தேன். ஆனால் ஏன் நான்கு, ஏன் ஆறு இல்லை என்று அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எழுத்துத் தேர்வாக இருந்தால் விடைத்தாளைக் காட்டியிருப்பேன். "வகுப்புல அவ்வளவா பேச மாட்டேங்கிறான்மா" என்று சமாளித்தேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னைத் தொந்தரவு செய்தது.

அன்று மாலை என் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பேசுதல் மதிப்பெண்கள் அனைத்தையும் ஒரே நாளில், பருவ முடிவில், பெயரைப் பார்த்து முகத்தை நினைவுகூர்ந்து போட்டிருந்தேன். இலக்கிய மன்றத்தில் மேடை ஏறியவர்கள் எட்டு, ஒன்பது. கையைத் தூக்காதவர்கள் நான்கு, ஐந்து. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தது முதல் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் இடுகிறோம். ஆனால் நான் அளந்தது பேசும் திறனை அன்று. துணிச்சலையும், மனப்பாடத்தையும், என் காதுக்குப் பழகிய தமிழையும்.

அதன்பின் இரண்டு ஆண்டுகளாக 36 மாணவர்கள் உள்ள வகுப்பில் செய்து பார்த்து, தவறித் திருத்திய முறையை இங்கே எழுதுகிறேன். நான் மனத்தில் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான். இதே பேச்சை நான் இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டாலும், ஏறத்தாழ இதே மதிப்பெண் வர வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே பணி

முன்பு "ஏதாவது ஒரு தலைப்பில் பேசு" என்பேன். ஒருவர் காமராசரைப் பற்றி மனப்பாடம் செய்த உரையை ஒப்பிப்பார். மற்றொருவர் தன் ஊர்த் திருவிழாவைப் பற்றித் தானே யோசித்துப் பேசித் தடுமாறுவார். இருவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது நியாயமில்லை.

இப்போது கொடுக்கும் பணி இது: "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, அது தெரியாத ஒருவர் கேட்டுவிட்டுத் தானே செய்யும்படி ஒன்றரை நிமிடத்தில் விளக்கு." கோலம் போடுவது, நாற்றுப் பறிப்பது, தேநீர் போடுவது என எதுவும் ஆகலாம். வேலையை மாணவர் தேர்ந்தெடுப்பதால் யாருக்கும் பொருள் தெரியாமல் போவதில்லை. விளக்கும் பணி அனைவருக்கும் ஒன்றே.

பணியை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறேன். திடீரென்று கொடுத்தால் முதல் நாள் பேசுபவருக்கு நேரமே இராது. ஒன்பதாம் நாள் பேசுபவருக்கு எட்டு நாள் கிடைத்துவிடும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. படிகளை நினைவூட்ட ஐந்து சொற்கள் எழுதிய துண்டுச்சீட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு நான்கு பேர், பாடவேளையின் முதல் 15 நிமிடம். ஒன்பது நாளில் 36 பேரும் முடிந்துவிடுகிறார்கள். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். வருகைப் பதிவேட்டு வரிசையில் அழைத்தால் ஒவ்வொரு முறையும் ஒருவர் நன்றாகப் பேசுபவருக்குப் பின்னாலேயே வருவார். அவர் சுமார் என்று நம் காதுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

நம் உதவியும் அளவோடு

நான் நெடுநாள் கவனிக்காத பிழை என் வாயில்தான் இருந்தது. ஒரு மாணவர் தயங்கினால் "ம்... அப்புறம் மாவைக் கரைச்சு?" என்று எடுத்துக் கொடுப்பேன். வேறொருவர் தயங்கினால் சும்மா இருப்பேன். எனக்குப் பிடித்த மாணவருக்கே அதிகம் எடுத்துக் கொடுக்கிறேன் என்பது ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

இப்போது ஒரே விதி. மாணவர் நிறுத்தினால் மனத்துக்குள் பத்து எண்ணுவேன். பிறகு "அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்பேன். ஒருவருக்கு இரண்டு முறைக்குமேல் கேட்பதில்லை. பேசி முடித்தபின் அனைவருக்கும் ஒரே வடிவில் ஒரு கேள்வி: அவர் சொன்ன படிகளில் ஒன்றை எடுத்து, "அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" ஒப்பித்தவரையும் புரிந்து பேசியவரையும் இந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுகளில் பொதுவாக இரண்டு தேர்வாளர்கள் இருப்பார்கள். ஒருவர் மாணவரோடு உரையாடுவார். மற்றவர் உரையாடலில் கலந்துகொள்ளாமல் கேட்டு மதிப்பெண் இடுவார். நம் வகுப்பில் இரண்டாவது ஆள் இல்லை. அதனால் நான் கடைசி இருக்கையில் அமர்கிறேன். பக்கத்தில் கைப்பேசியை வைத்துக் குரலை மட்டும் பதிவு செய்கிறேன். ஒலிப்பதிவு செய்வதைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்பே சொல்லிவிடுகிறேன். எந்தக் குழுவிலும் அதைப் பகிர்வதில்லை. பருவம் முடிந்து மதிப்பெண் பற்றிய கேள்விகள் தீர்ந்ததும் அழித்துவிடுகிறேன்.

மூன்று கூறுகள், பத்து மதிப்பெண்

தொடக்கத்தில் உச்சரிப்பு, சொல்வளம், குரல் ஏற்ற இறக்கம், உடல்மொழி என எட்டுக் கூறுகள் வைத்தேன். ஒன்றரை நிமிடத்தில் எட்டைக் கவனிக்க முடியவில்லை. முதல் கூறுக்கு யோசித்துப் போட்டேன். மற்ற ஏழுக்கும் அதே மதிப்பெண்ணைத் திருப்பி எழுதினேன். மூன்றாகக் குறைத்தபின்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க முடிந்தது.

ஒழுங்கு (4 மதிப்பெண்)
4 – கேட்பவர் அப்படியே செய்துவிடலாம். தேவையான படிகள் எல்லாம் வரிசையாக உள்ளன.
3 – ஒரு படி விடுபட்டுள்ளது அல்லது முன்பின்னாக உள்ளது, கேட்பவர் ஊகித்துக்கொள்ளலாம்.
2 – என்ன வேலை என்று புரிகிறது; ஆனால் கேட்டு மட்டும் செய்ய முடியாது.
1 – தொடர்பில்லாத ஓரிரு செய்திகள்.

தெளிவு (3 மதிப்பெண்)
3 – கடைசி இருக்கையில் எல்லாச் சொற்களும் புரிந்தன.
2 – ஓரிரு இடங்களில் சொல் புரியவில்லை, பொருள் கெடவில்லை.
1 – பல இடங்களில் புரியாமல் பொருள் விட்டுப்போனது.

மறுமொழி (3 மதிப்பெண்)
3 – கேள்விக்குப் பொருந்திய பதில், காரணத்தோடு.
2 – பொருந்திய பதில், காரணம் இல்லை.
1 – பேச முயன்றார்; பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை.

'நன்று', 'மிக நன்று' என்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். காதில் என்ன கேட்டது என்பதை எழுதினால்தான் இருவர் ஒரே இடத்தில் வந்து நிற்க முடியும்.

வட்டார வழக்கும் பட்டியலில் இல்லை. தமிழில் பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. வீட்டு வேலை ஒன்றை விளக்கும்போது யாரும் எழுத்து வழக்கில் பேசுவதில்லை, நாமும் பேசுவதில்லை. எழுத்து வழக்கில் பேசும் பயிற்சியும் தேவைதான். அதற்கு இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, வரவேற்புரை சொல்வது போன்ற வேறு பணி இருக்கிறது. ல, ள, ழ உச்சரிப்பை அங்கே உரக்க வாசிக்கும்போது மதிப்பிடுகிறேன். இரண்டையும் ஒரே பணியில் போட்டுக் குழப்பினால், வீட்டிலேயே எழுத்து வழக்குக்கு நெருக்கமாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு எல்லாக் கூறுகளிலும் மதிப்பெண் கூடிவிடும்.

நான்கு வாங்கிய மாணவன் பேசியது

முதலில் சொன்ன அந்தத் தாயின் மகன் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதை விளக்கினான். ஒலிப்பதிவில் இருப்பது ஏறத்தாழ இதுதான்:

"மொத டயர நெம்பிக் கழட்டணும். டியூப வெளிய எடுத்து காத்து அடிக்கணும். ஒரு பேசின்ல தண்ணி வச்சு, டியூப கொஞ்சம் கொஞ்சமா முக்கிக்கிட்டே வரணும். முட்ட முட்டையா வர்ற எடந்தான் ஓட்ட. அங்க அடையாளம் வச்சுக்கிட்டு, காத்த எறக்கி, ஈரம் இல்லாம தொடச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். சொல்யூசன் தடவி கொஞ்ச நேரம் காய விடணும். அப்புறம் ஒட்டு வச்சு நல்லா அமுக்கணும்."

நான் கேட்டேன்: "காய விடாமல் ஒட்டினால் என்ன ஆகும்?" அவன், "பிடிக்காது மிஸ். காத்து அடிச்சதும் ஒட்டு எந்திரிச்சுரும்" என்றான்.

ஒழுங்குக்கு 4. பஞ்சர் ஒட்டத் தெரியாத நானே அதைக் கேட்டுச் செய்துவிடலாம். டியூபை மீண்டும் டயருக்குள் வைப்பதை அவன் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அவன் எடுத்துக்கொண்ட வேலை ஓட்டையை அடைப்பது. அது முழுதாக இருக்கிறது. இப்படி ஐயம் வரும் இடங்களில் எடுத்த முடிவைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்தவருக்கும் அதே முடிவு பொருந்த வேண்டும் அல்லவா? இரண்டு இடங்களில் வேகமாகப் பேசியதில் சொல் விழுங்கப்பட்டதால் தெளிவுக்கு 2. காரணத்தோடு பதில் சொன்னதால் மறுமொழிக்கு 3. மொத்தம் 9. என் பழைய முறையில் 'கொச்சையாகப் பேசுகிறான்' என்று சொல்லி இதே பேச்சுக்கு நான்கோ ஐந்தோ போட்டிருப்பேன்.

அதே வாரம், வட்டார அளவில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவன் ஒருவன் 6 பெற்றான். மரம் நடுவதைப் பற்றிக் கணீரென்று பேசினான். ஆனால் அதில் பெரும்பகுதி மரத்தின் பெருமை. குழி எவ்வளவு ஆழம், எப்போது தண்ணீர் என்பது இல்லை. ஒழுங்குக்கு 2, தெளிவுக்கு 3, மறுமொழிக்கு 1. அவன் தந்தை வந்து கேட்டபோது ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். அவரே 'இதைக் கேட்டு மரம் நட முடியாதுதான்' என்றார்.

இருவர் கேட்டுப் பார்த்தல்

பட்டியல் நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டால் போதாது. அறிவியல் ஆசிரியரிடம் ஆறு மாணவர்களின் ஒலிப்பதிவைக் கொடுத்து, என் மதிப்பெண்ணைக் காட்டாமல் மதிப்பிடச் சொன்னேன். நன்றாகப் பேசுபவர், நடுத்தரம், தடுமாறுபவர் என்று கலந்து எடுத்தேன். ஆறு பேருக்கும் மூன்று கூறு வீதம் 18 மதிப்பெண்கள். இருவருக்கும் 11 ஒத்துப்போயின. ஐந்தில் ஒரு மதிப்பெண் வேறுபாடு. இரண்டில் இரண்டு மதிப்பெண் வேறுபாடு.

அந்த இரண்டும் 'தெளிவு' என்ற கூறில் வந்தவை. அப்போது அந்தக் கூறில் 'சரளமாகவும் தெளிவாகவும் பேசுகிறார்' என்று எழுதியிருந்தேன். வேறுபாடு வந்த இருவரில் ஒருவர் திக்கிப் பேசும் மாணவி. மற்றவர் யோசித்து மெதுவாகப் பேசுபவர். அறிவியல் ஆசிரியர் இருவருக்கும் 3 போட்டிருந்தார்: "ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகலையே மேடம்." நான் 1 போட்டிருந்தேன். சரளம் என்ற சொல்லை நான் வேகம் என்று படித்திருக்கிறேன். திக்குவது அந்த மாணவியின் பேச்சின் இயல்பு. விளக்கும் திறனில் அவருக்குக் குறை இல்லை. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் அவருக்கு நான் நான்குதான் போட்டிருந்தேன் என்பதைப் பதிவேட்டில் பார்த்தபோது அறிவியல் ஆசிரியரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சரளம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மேலே நீங்கள் பார்த்த வரிகள் திருத்தியபின் எழுதியவை. ஒன்றரை நிமிடம் என்ற கெடுவையும் அந்த மாணவிக்குத் தளர்த்தினேன். அடுத்த முறை வேறு ஆறு பேரை இருவரும் மதிப்பிட்டபோது 18இல் 15 ஒத்துப்போயின; மூன்றில் ஒரு மதிப்பெண் வேறுபாடு. இரண்டு மதிப்பெண் வேறுபாடு எங்கும் வரவில்லை.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி: ஒரு மதிப்பெண் வேறுபட்டால் பேசித் தீர்க்கலாம். இரண்டு வேறுபட்டால் நாங்கள் எழுதிய வரியில் பிழை தேட வேண்டும். உடன் மதிப்பிட ஆள் இல்லாத ஓராசிரியர் பள்ளியில், ஆறு ஒலிப்பதிவுகளை இரண்டு வாரம் கழித்து, பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் நாமே மீண்டும் மதிப்பிட்டு ஒப்பிடலாம். ஆறு பதிவுகளைக் கேட்க அரை மணி நேரம் போதும்.

கேட்டல்: கேட்காமலே விடை தெரிந்தால்?

கேட்டலை முழு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் 15 நிமிடத்தில் மதிப்பிடலாம். பாடநூல் பத்தியை வாசித்துக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். முன்பே படித்தவருக்கு அது நினைவுத் தேர்வாகிவிடுகிறது. காதால் கேட்பதற்கென்றே உள்ள அறிவிப்பு, வழி சொல்லுதல், செய்தி போன்றவற்றை நானே எழுதுகிறேன். ஒரு முறை எழுதிய அறிவிப்பு இது:

"வரும் வியாழக்கிழமை நம் பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடைபெறும். முதலில் புதன்கிழமை என்று அறிவித்திருந்தோம். மருத்துவக் குழு அன்று வேறு ஊருக்குச் செல்வதால் நாள் மாற்றப்பட்டுள்ளது. ஆறாம் வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்கு 11.30 மணிக்கும் பரிசோதனை தொடங்கும். ஏற்கெனவே கண்ணாடி அணிபவர்கள் அதைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும்."

இதற்கு எழுதிய கேள்விகளில் இரண்டு: 'முகாமில் எதைப் பரிசோதிப்பார்கள்?', 'கண்ணாடி அணிபவர்கள் எதைக் கொண்டுவர வேண்டும்?' வகுப்பில் கொடுப்பதற்கு முன், அறிவிப்பைக் கேட்காத எட்டாம் வகுப்பு மாணவர் ஐவரிடம் கேள்வித்தாளை மட்டும் கொடுத்தேன். முதல் கேள்விக்கு, தாளின் மேலே இருந்த 'கண் முகாம்' என்ற தலைப்பைப் பார்த்து ஐவரும் சரியாக எழுதினார்கள். இரண்டாவதற்கு நான்கு பேர். கேட்காதவரே விடை சொல்லும் கேள்வி கேட்டலை அளக்காது. இரண்டையும் நீக்கி, 'நாள் ஏன் மாற்றப்பட்டது?', 'ஏழாம் வகுப்பு மாணவர் 10 மணிக்கே வந்து நின்றால் அவரிடம் என்ன சொல்வாய்?' என்று மாற்றினேன். இந்த ஐவர் சோதனையை இப்போது எல்லாக் கேள்விகளுக்கும் செய்கிறேன்.

அறிவிப்பை நான் வகுப்பில் நேரடியாகப் படிப்பதில்லை. 'அ' பிரிவில் நிதானமாகப் படித்ததை 'ஆ' பிரிவில் தொண்டை வறண்டு வேகமாகப் படித்துவிடுவேன். முன்பே கைப்பேசியில் பதிந்து, ஒலிபெருக்கியில் இரண்டு முறை ஒலிக்கவிடுகிறேன். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று வேறு ஒரு பதிவைப் போட்டு முதலில் சரிபார்க்கிறேன். காது மந்தமான மாணவர் முன்னால் அமர்கிறார்.

கேள்விகளை முதலிலேயே உரக்கப் படித்துவிடுவேன். எதற்காகக் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடை ஒரு சொல், எண் அல்லது குறியிடுதல். காரணம் கேட்கும் இடத்தில் ஒரு வரி. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எழுத இன்னும் தடுமாறும் மூன்று மாணவர்கள் விடையை என்னிடம் வாய்மொழியாகத் தனியே சொல்கிறார்கள். இல்லையென்றால் அவர்களின் எழுதும் குறையை நான் கேட்கும் குறை என்று பதிந்துவிடுவேன்.

திருத்தி முடித்தபின் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரி என்று கோடு போட்டு எண்ணுகிறேன். எல்லாரும் சரியாக எழுதிய கேள்வி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்களே ஒரு கேள்வியில் தவறினால், பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு. ஒரு முறை 'முகாம் எப்போது?' என்று கேட்டிருந்தேன். சிலர் நாளை எழுதினார்கள், சிலர் நேரத்தை எழுதினார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த முறைக்குக் கேள்வியைத் திருத்தினேன்.

இந்த மதிப்பெண் எவ்வளவு சொல்லும்?

ஒன்றரை நிமிடப் பேச்சு ஒரு மாணவரின் முழுத் திறனையும் காட்டாது. அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். அதனால் ஒரு பருவத்தில் இரண்டு வேறு பணிகள் வைக்கிறேன். ஒன்று விளக்குதல், மற்றொன்று இருவர் சேர்ந்து ஒரு முடிவெடுக்கும் உரையாடல். கேட்டவருக்கெல்லாம் ஒரு மறுவாய்ப்பு உண்டு. இரண்டில் மேலானதை எடுத்துக்கொள்கிறேன். இருவர் மதிப்பிட்டாலே ஒரு மதிப்பெண் முன்பின் ஆகிறது என்று தெரிந்தபின், ஏழு பெற்றவரைவிட எட்டுப் பெற்றவர் மேல் என்று வகுப்பில் தரவரிசை சொல்வதை நிறுத்திவிட்டேன். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாட்டை நம்பலாம். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ளதை நம்ப முடியாது.

சென்ற பருவக் கூட்டத்துக்குத் திக்கிப் பேசும் அந்த மாணவியின் தந்தை வந்திருந்தார். பேசுதலில் 8 என்பதைப் பார்த்து, "பாவம்னு போட்டீங்களா மிஸ்?" என்று தயங்கிக் கேட்டார். பட்டியலை எடுத்து ஒழுங்குக்கு 4, தெளிவுக்கு 2, மறுமொழிக்கு 2 என்று காட்டினேன். பிறகு அவர் மகள் அதிரசப் பாகு காய்ச்சுவதை விளக்கிய ஒலிப்பதிவைப் போட்டேன். அவர் இரண்டு முறை கேட்டார். பாகுப்பதம் பார்ப்பதைச் சொல்லும் இடம் வந்தபோது, "இது அவ ஆத்தா சொல்லிக் கொடுத்தது" என்றார்.